பத்து நொடி: இடிந்த கோட்டைக்குக் குரல் வந்த கதை

முதல் வரைவை எழுதி முடித்த கையோடு என் கைப்பேசியிலேயே பேசிப் பதிவுசெய்து, சித்தப்பாவின் காதில் மாட்டிவிட்டேன். பெண்ணாடத்திலிருந்து காலை ரயிலில் விருத்தாசலம் வந்து, அங்கே வண்டி மாறி, கடலூர் முதுநகரில் இறங்கி, தேவனாம்பட்டினத்துக்கு ஆட்டோ பிடித்து வந்திருந்தோம். புனித டேவிட் கோட்டை என்று வரலாற்றுப் புத்தகங்கள் சொல்லும் இடம் அதுதான். கெடிலம் கடலில் கலப்பதற்குச் சற்று முன்னால், கரையோரமாகச் சிதைந்து கிடக்கும் செங்கல் சுவர்கள். சுற்றிலும் முள்ளும் புதரும்.

சித்தப்பா இரண்டு நிமிடம் பொறுமையாகக் கேட்டார். பிறகு கருவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கே தம்பி. பள்ளிக்கூடத்துல பாடம் வாசிச்ச மாதிரி இருக்கு. ஆனா நான் எங்க நிக்கணும், எதைப் பாக்கணும்னு ஒரு வார்த்தைகூட வரலியே?”

அன்று மாலைக்குள் அந்த வரைவில் முக்கால்வாசியைக் கிழித்துப் போட்டேன். இப்போது அந்தக் கோட்டையோரம் நடப்பவர்கள் கேட்பதற்கென்று ஆறு நிறுத்தங்கள் கொண்ட ஒரு குரல் இருக்கிறது என்றால், அது பிறந்தது அந்தக் கேள்வியில்தான்.

இதை எழுதித் தரச் சொல்லிக் கேட்டவர்கள் உள்ளூர் ஆர்வலர்கள் சிலர். வெள்ளிக் கடற்கரைக்கு வருகிறவர்களில் கோட்டை எங்கே என்று விசாரித்துக்கொண்டு நடந்துவரும் பத்துப் பேராவது ஏமாந்து திரும்பக் கூடாது என்பது அவர்கள் ஆசை. வழிகாட்டி ஆள் போடக் காசு கிடையாது. கைப்பேசியில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பேச்சு கேட்க வேண்டும். அதற்கு எழுத்து வேண்டும். வானொலிக்கு எழுதிப் பழகியவன் என்பதால் என்னிடம் வந்தார்கள். முக்கால் மணி நேரத்துக்கு எழுதச் சொன்னார்கள். நானும் சுலபமான வேலை என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

எங்கள் ஊரில் என்றால் சுலபம்தான். பெண்ணாடம் கோயில் விமானத்தின் பின்பக்கம் படுத்திருக்கும் யானையின் முதுகுபோல வளைந்திருக்கும். தூங்கானைமாடம் என்ற பெயரே அதனால் வந்தது. “பின்பக்கமா வாங்க, மேலே பாருங்க, யானை தெரியுதா?” என்று மூன்று வாக்கியம் போதும், மீதியைக் கட்டடமே சொல்லிவிடும். கோட்டையில் அந்த வசதி இல்லை. கண்ணுக்குக் காட்ட எதுவுமே இல்லாத இடத்தில் காதுக்கு என்ன சொல்வது? அந்தக் குழப்பத்தில்தான் முதல் வரைவில் எனக்குத் தெரிந்த வரலாறு முழுவதையும் கொட்டியிருந்தேன். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் ஆங்கிலேயருக்கு இந்தக் கோட்டையே தலைமையிடம் ஆனது, 1752 வரை அப்படியே இருந்தது, 1756இல் ராபர்ட் கிளைவ் இங்கே பொறுப்புக்கு வந்தார் என்று போய்க்கொண்டே இருந்தது. எல்லாம் உண்மை. ஆனால் அதையெல்லாம் வீட்டில் ஈசிச்சேரில் சாய்ந்துகொண்டே கேட்கலாம். அதற்காக வெயிலில் நிற்க வேண்டியதில்லை.

நடக்கிறவரின் காதில் பேசும் வழக்கம் அப்படியொன்றும் பழையது அல்ல. 1952இல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் ஒரு சிற்றலை ஏற்பாடு செய்தார்கள். கூடத்தைச் சுற்றி ஓடிய கம்பி வழியே ஒலிபரப்பு நடக்கும். கையில் பெட்டியும் காதில் கருவியுமாகப் பார்வையாளர்கள் கேட்பார்கள். ஒரே நேரத்தில் எல்லோருக்கும் ஒரே பேச்சு. அதனால் கூட்டமே ஒன்றாக ஓவியத்துக்கு ஓவியம் நகரும், ஒன்றாகத் தலையைத் திருப்பும். இன்று ஒவ்வொருவரும் தன் வேகத்தில் நடக்கலாம், வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். ஆனாலும் அன்றைக்கு இருந்த விதி மாறவில்லை. பேச்சும் பார்வையும் ஒரே பொருளின் மேல் விழ வேண்டும். பேச்சு ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமும் போனால் கேட்பவர் கருவியைக் கழற்றிவிடுவார். சித்தப்பா செய்தது அதைத்தான்.

இரண்டாம் வரைவுக்கு உட்கார்ந்தபோதுதான், தமிழ் வாக்கியத்துக்கும் இந்த வேலைக்கும் உள்ள ஒரு சிக்கல் தெரிந்தது. முதல் வரைவில் இருந்த ஒரு வாக்கியம் இது:

“செஞ்சியில் இருந்த மராட்டிய அரசர் ராஜாராமிடமிருந்து 1690இல் சென்னையின் ஆளுநர் எலிஹு யேலால் விலைக்கு வாங்கப்பட்டு, பின்னர் பலமுறை வலுப்படுத்தப்பட்ட கோட்டையின் மதிலையே நாம் இப்போது காண்கிறோம்.”

பிழை ஒன்றும் இல்லை. தாளில் படித்தால் ஓடிவிடும். ஆனால் காதில் கேட்டால் ‘மதில்’ என்ற சொல் வாக்கியத்தின் வாலில்தான் வருகிறது. நம் மொழியில் அடைமொழி எல்லாம் முன்னால் வரிசைகட்டி நிற்கும். பெயர் பின்னால் வரும். வினை அதற்கும் பின்னால் வரும். எதைப் பற்றிய பேச்சு என்று தெரியாமலே கேட்பவர் ராஜாராமையும் யேலையும் 1690ஐயும் தலையில் சுமந்துகொண்டு நிற்க வேண்டும். மதில் வந்து சேரும்போது சுமந்ததெல்லாம் கீழே விழுந்திருக்கும். வாசகர் திரும்பப் படிக்கலாம். நடக்கிறவர் திரும்பக் கேட்க மாட்டார்.

அதை இப்படி மாற்றினேன்:

“இங்கேயே நில்லுங்க. கடல் உங்க முதுகுக்குப் பின்னாடி கேக்கணும். எதிர்ல ஒரு செங்கல் பாளம் சாய்ஞ்சு கிடக்குது, பாருங்க. பக்கத்துல போய் அதோட ஓரத்தைக் கவனிங்க. செங்கலும் சுண்ணாம்பும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போய் ஒரே பாறை மாதிரி இருக்குதா? ஏறிடாதீங்க. இதுதான் மதில்.”

முதலில் கால், பிறகு கண், அதன் பிறகு பெயர். வரலாறு எல்லாவற்றுக்கும் கடைசி. ஆறு நிறுத்தங்களையும் இந்த வரிசையிலேயே திரும்ப எழுதினேன். ‘இது’, ‘இந்த’, ‘இங்கே’ என்ற சொற்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தேன். கண் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த பொருளுக்கு மட்டும்தான் ‘இது’ போடலாம். இல்லாவிட்டால் ஆள் எந்த ‘இது’ என்று நாலாபக்கமும் தேடுவார்.

இடது, வலது என்பதையும் கைவிட வேண்டியிருந்தது. கேட்பவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்று பேசுகிறவனுக்கு எப்படித் தெரியும்? டீக்கடையையோ மரத்தையோ அடையாளம் சொன்னால் அடுத்த வருடம் அது அங்கே இருக்க வேண்டுமே. நகராத அடையாளங்கள் அங்கே இரண்டுதான். கிழக்கே கடல், பக்கத்தில் கெடிலம். கண்ணை மூடினாலும் கடல் எந்தப் பக்கம் என்று காது சொல்லிவிடும். எனவே வழி சொல்வது முழுவதும் கடலை வைத்தே அமைந்தது: “கடலை முதுகுக்கு வைங்க”, “கடல் சத்தத்தைப் பாத்து முப்பது அடி நடங்க”.

அளவும் பழகப் பழகத்தான் பிடிபட்டது. நிதானமாகப் பேசினால் எனக்கு ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 சொற்கள் போகின்றன. நம் சொற்கள் நீளமானவை. அவசரப்படுத்தினால் முழுங்க வேண்டிவரும். வெட்டவெளியில் ஒருவர் ஓரிடத்தில் சலிக்காமல் நிற்பது இரண்டு நிமிடம், மிஞ்சினால் மூன்று. அப்படியானால் ஒரு நிறுத்தத்துக்கு 250 சொல்லைத் தாண்டக் கூடாது. ஆண்டு எண்கள் வேறு நேரத்தைத் தின்றன. ‘1690’ என்று எழுத நான்கு எழுத்து. ‘ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு’ என்று சொல்ல ஒரு வாக்கிய நேரம். எனவே ஒரு நிறுத்தத்துக்கு ஓர் ஆண்டு என்று கட்டுப்பாடு வைத்தேன். கிளைவ் ஒரே வரியில் வந்து போனார். பன்னிரண்டாக இருந்த நிறுத்தங்கள் ஆறாகச் சுருங்கின.

ஆனால் இவையெல்லாம் கை வேலை. எழுத்துக்கு உயிர் வந்தது வேறோர் இடத்தில்.

கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய கதையில் எல்லோரும் சொல்லும் ஒரு செய்தி உண்டு. 1690இல் மராட்டியரிடமிருந்து வாங்கியபோது, கோட்டையோடு அதைச் சுற்றியுள்ள நிலமும் சேர்த்தி. எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு. கயிறும் இல்லை, கோலும் இல்லை, பீரங்கியே அளவுகோல். ஒப்பந்தத்தில் இதற்கு வரும் ஆங்கிலச் சொல் ‘ராண்டம் ஷாட்’. நான் அதை முதல் வரைவில், “குறிபார்க்காமல் கண்போன போக்கில் சுட்ட குண்டு” என்று தமிழாக்கியிருந்தேன். கேட்க வேடிக்கையாக இருந்தது. கம்பெனிக்காரன் கண்ணை மூடிக்கொண்டு சுட, ராஜாராமின் ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்த மாதிரி ஒரு காட்சிகூட எழுதிவைத்திருந்தேன்.

அது தவறு. பழைய பீரங்கிக்காரர்களின் பேச்சில் ‘ராண்டம்’ என்பதற்கு அந்தப் பொருள் கிடையாது. குழலைத் தரைக்கு மட்டமாக வைத்து நேரே சுடுவது ஒரு வகை. குழலின் வாயை மேலே தூக்கி, குண்டு வானத்தில் ஏறி வளைந்து தூரத்தில் போய் விழும்படி சுடுவது இன்னொரு வகை. இந்த இரண்டாவதைத்தான் ராண்டம் என்றார்கள். குழலை ஏறக்குறைய 45 பாகை தூக்கினால் அதிகத் தூரம் போகும் என்பது அவர்கள் கணக்கு. ஆக, ஒப்பந்தத்தில் இருந்தது ‘கண்போன போக்கு’ அல்ல, எட்டுமட்டும் எறிதல்.

இந்த ஒரு சொல் சரியானதும் கதையே புரண்டுவிட்டது. அங்கே நடந்தது விளையாட்டு இல்லை, நன்றாக யோசித்துச் செய்த வியாபாரம். மொகலாயப் படை செஞ்சியை நெருக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. விற்கிறவருக்கு அவசரம். வாங்குகிறவர் நிதானமாகப் படித்துப் பார்த்தார். எந்தப் பீரங்கி என்று ஒப்பந்தம் கட்டிப்போடவில்லை. எவ்வளவு மருந்து என்றும் இல்லை. கம்பெனி தன்னிடமிருந்ததில் அதிகத் தூரம் எறியும் பீரங்கியையும், அதைத் திறமையாக மருந்திட்டுச் சுடத் தெரிந்த ஆளையும் கொண்டு வேலையை முடித்தது. செப்டம்பரில் குண்டுகள் பறந்தன. அவை விழுந்த இடங்கள் எல்லை ஆயின. தெற்கே ஆற்றுக்கு அப்பால் இருந்த கடலூர்ப் பழைய ஊரும் அந்த எல்லைக்குள் வந்துவிட்டது. உள்ளே மாட்டிய ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்ற பெயர் நிலைத்தது.

யேலின் குடும்பம் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்தது. அந்நாட்டின் காவல் புனிதர் டேவிட். கோட்டைப் பெயருக்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் அதுதான். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் யேல் என்ற பெயரைப் பெற்றதும் இந்த யேல் கொடுத்த நன்கொடையால்தான். பயணிகளில் பலருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும் என்பதால் அதற்கு மட்டும் இரண்டு வரி ஒதுக்கினேன்.

இப்போது எனக்கு ஒரு நூல் கிடைத்துவிட்டது. காட்டச் சுவர் இல்லாவிட்டால் என்ன, தூரம் இருக்கிறதே! கோட்டை இடிந்தாலும் தூரம் இடியாது. நிற்கும் இடத்திலிருந்து மேற்கே பார்த்து, “குண்டு எதுவரைக்கும் போயிருக்கும்?” என்று கேட்டால், யாராக இருந்தாலும் தானாகக் கையை நீட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கேள்வியை இரண்டாவது நிறுத்தத்தில் வைத்தேன். பதிலை அங்கேயே சொல்லவில்லை.

பதிலைச் சொல்ல ஒருவர் தானாகவே வந்தார். குண்டு எவ்வளவு தூரம் போகும் என்று கணக்குப் போட்டு உலகுக்குச் சொன்ன ஆங்கிலேயக் கணிதர் பெஞ்சமின் ராபின்ஸ். அவர் இறந்தது இதே கோட்டையில்.

ராபின்ஸ் 1742இல் பீரங்கிக் கலையின் புதிய நெறிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். குண்டின் வேகத்தை அளக்க அவர் செய்த கருவியை நாம் ஊஞ்சலாக நினைத்துக்கொள்ளலாம். கனமான மரக்கட்டை ஒன்று தொங்கும். அதன்மேல் துப்பாக்கியால் சுட்டால் குண்டு கட்டையில் புதையும். கட்டை பின்னால் ஆடும். எவ்வளவு ஆடியது என்பதைக் கட்டையோடு இழுபடும் ஒரு நாடா காட்டிவிடும். கட்டையின் எடை தெரியும், குண்டின் எடை தெரியும், ஆட்டம் தெரியும். வேகம் கணக்கில் வந்துவிடும். கண்ணுக்கே தெரியாமல் பறக்கும் ஒன்றை, அது தள்ளிய மரத்தைப் பார்த்து அளந்தார்.

அளந்தபோது அதுவரை எல்லோரும் நம்பியிருந்த ஒன்று பொய்யானது. காற்று குண்டைப் பெரிதாகத் தடுக்காது என்றுதான் பழைய கணக்குகள் எடுத்துக்கொண்டன. ராபின்ஸ் கணக்கில், நொடிக்கு சுமார் 500 மீட்டர் வேகத்தில் புறப்படும் 24 பவுண்டு குண்டு, காற்றே இல்லாவிட்டால் 25 கிலோமீட்டர் போகும். நிஜத்தில் 5 கிலோமீட்டரைக்கூடத் தொடாது. மீதி 20 கிலோமீட்டரையும் காற்று தின்றுவிடுகிறது. சுவிட்சர்லாந்தில் பிறந்த பெரும் கணிதர் ஆய்லர் இந்த நூலை 1745இல் ஜெர்மனில் மொழிபெயர்த்து, தன் விளக்கங்களையும் சேர்த்து வெளியிட்டார்.

இந்த ராபின்ஸைத்தான் கம்பெனி தன் கோட்டைகளைச் சீர்செய்யத் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. 1750இல் வந்தார். ஓர் ஆண்டு ஓடியது. காய்ச்சல் கண்டு 1751 ஜூலை 29 அன்று இங்கேயே இறந்தார். பீரங்கியால் அளந்த நிலத்தில், பீரங்கியை அளந்த மனிதர் முடிந்துபோனார். அவர் பெயரை நான் முதல் வரைவில் எழுதவே இல்லை. கோட்டையின் கதை என்றால் தளபதிகளின் கதை என்று நினைத்திருந்தேன். இப்போது நான்காவது நிறுத்தம் முழுக்க அவருடையது. கெடிலத்தைப் பார்த்து நிற்கும்போது ஊஞ்சல் கட்டையைப் பற்றிக் கேட்கிறார்கள். இரண்டாவது நிறுத்தத்தில் விட்ட கேள்விக்குப் பதிலும் அங்கேதான் கிடைக்கிறது.

ஐந்தாவது நிறுத்தம் இடிந்த கதை. 1758 ஏப்ரல் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி புதுச்சேரியில் வந்து இறங்கினார். இறங்கிய சூட்டோடு கடலூர்மேல் பாய்ந்தார். மே மாதத் தொடக்கத்தில் ஊர் பணிந்தது; ஜூன் 2 அன்று கோட்டையும் பணிந்தது. அவர் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை, அரண்களை இடித்துத் தள்ளினார். மூன்று ஆண்டுகள் கழித்து ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து அதே காரியத்தைச் செய்தார்கள். லாலிக்கு 1766இல் பாரிஸில் தலை போனது.

காலம் இடித்த சுவரையும் ஆள் இடித்த சுவரையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. மழையும் வேரும் இடித்தால் சுவர் மேலேயிருந்து ஒவ்வொரு செங்கல்லாக உதிரும். அடி நிற்கும், தலை கரையும். ஊர்க்காரர்கள் வீடு கட்டப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தால் நல்ல முழுச் செங்கற்கள் போய், உள்ளே திணித்த உடைசல் மட்டும் மிஞ்சும். அடியில் வெடிமருந்து வைத்துத் தூக்கினால் சுவர் உதிராது. பெரிய பெரிய பாளமாகப் பிளந்து, காரைப் பிடிப்பு விடாமல், அப்படியே சாய்ந்து விழும். பாளத்தில் செங்கல் வரிசைகள் தரைக்கு மட்டமாக இல்லாமல் சரிந்து ஓடினால், சுவர் மொத்தமாகப் புரண்டது என்று பொருள். இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆற்று நீர் சுவரின் அடியை அரித்தாலும் பாளம் சாயும். ஆற்றங்கரைக் கோட்டையில் இரண்டுக்கும் இடம் உண்டு. எனவே எழுத்தில், “வரிசை எந்தப் பக்கம் சரியுதுன்னு விரலால காட்டுங்க. ஆத்துப் பக்கமா, வேற பக்கமா?” என்று கேட்டுவிட்டு, இரண்டு காரணத்தையும் சொல்லி விட்டுவிட்டேன். ஆற்றின் பக்கம் சரியாத பாளத்தின் முன்னால் மனிதர்கள் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறார்கள்.

அங்கே எல்லோரும் கேட்கும் இன்னொரு கேள்வி சுரங்கம். நாங்கள் நின்றிருந்தபோது வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரும் அதைத்தான் முதலில் சொன்னார்.

“சுரங்கம் இருக்குங்க. எங்க தாத்தா சொல்லுவாரு, உள்ள போன ஆடு திரும்பலைன்னு.”

பழைய கோட்டை எங்கே இருந்தாலும் இந்த ஆடும் இருக்கும். அதனால் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் இந்தக் கோட்டையில் நிலத்தடி வழிகள் இருந்தது உண்மை. அகழிக்கு வெளியே சரிவாக இறங்கும் மண்மேட்டின் அடியில், கோட்டையைச் சுற்றி ஒரு வழி ஓடியது. காவல்காரர்கள் எதிரியின் குண்டுக்குத் தப்பி ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போக அது உதவும். அதிலிருந்து இடையிடையே கிளைகள் வெளிப்பக்கமாக நீளும். ஒவ்வொரு கிளையின் கடைசியிலும் வெடிமருந்துக்கு ஓர் அறை. எதிரிப்படை மேலே வந்து நின்றால் கீழே தீ வைத்துவிடலாம். ஊர்விட்டு ஊர் போகும் ரகசியப் பாதை அல்ல அது; தரைக்குக் கீழே போட்ட ஒரு கண்ணி. பெரியவரின் ஆட்டை நான் விட்டுவிடவில்லை. எழுத்தில் ஆடு முதலில் வருகிறது, கண்ணி அதன் பின்னால் வருகிறது. “உள்ள இறங்கிப் பாக்காதீங்க” என்பதும் கூடவே வருகிறது.

பதிவு செய்ய முதலில் கோட்டையிலேயே உட்கார்ந்தேன். கடல் பின்னணியில் கேட்டால் நன்றாயிருக்கும் என்ற ஆசை. பகல் ஏறியதும் கடற்காற்று கிளம்பிவிட்டது. ஒலிவாங்கியில் காற்று மோதும் தடதடப்புதான் பதிவானது. என் குரல் அதற்கு அடியில் எங்கேயோ முனகியது. பிறகுதான் உறைத்தது. கேட்பவருக்கு நிஜக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. என் கடலையும் சேர்த்தால் இரண்டு கடல் ஆகும். எந்தப் பக்கம் கடல் என்று காதால் கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டு, காதுக்குள்ளேயே இன்னொரு கடலை வைப்பது எப்படி? பெண்ணாடத்தில் வீட்டு அறையைச் சாத்தி, மெத்தையைச் சுவரில் சாய்த்து, வெறும் குரலை மட்டும் பதிவுசெய்தேன். சாலையோரம் நடக்கும் இடத்தில், ஒரு காதுக் கருவியைக் கழற்றிவிடச் சொல்லி ஒரு வரி சேர்த்தோம்.

பீரங்கி வெடிக்கும் சத்தம் ஒன்றைச் சேர்க்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். போட்டுக் கேட்டோம். காதுக்குள் வெடித்த அந்தச் சத்தம் தீபாவளி மாதிரி இருந்தது, தூரம் காணாமல்போனது. என் கதையோ தூரத்தின் கதை. அதை எடுத்துவிட்டு வேறு வழி யோசித்தேன்.

சத்தம் காற்றில் நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். அன்றைய பெரிய பீரங்கி ஒன்று குண்டை மூன்று, மூன்றரை கிலோமீட்டர் எறிந்தது என்று வைத்துக்கொண்டால், வெடித்த சத்தம் அந்த எல்லைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய பத்து நொடி ஆகும். கடைசி நிறுத்தத்தை இப்படி முடித்தேன்:

“மேற்கே பாருங்க. பீரங்கி உங்க காலடியில வெடிச்சதா நெனைச்சுக்குங்க. இந்தச் சத்தம் அந்தக் கடைசி வயல்ல நிக்கிறவர் காதுக்குப் போய்ச்சேரப் பத்து நொடி ஆகும். அதுவரைக்கும் நான் பேசமாட்டேன்.”

அதன்பின் பத்து நொடி மௌனம். ஒலியைச் சீர்செய்து கொடுத்த தம்பி முதல் தடவை அதைப் பதிவில் விழுந்த ஓட்டை என்று நினைத்து வெட்டி எறிந்துவிட்டான். திரும்ப வைக்கச் சொன்னேன். “யாராச்சும் ஃபோன் நின்னுபோச்சுன்னு நெனைக்கப் போறாங்க சார்” என்றான். அதனால்தான் ‘நான் பேசமாட்டேன்’ என்ற வரியே வந்தது.

முழுதும் தயாரானதும் மறுபடி சித்தப்பாவை அழைத்துப்போனேன். இந்த முறை அவர் கருவியைக் கழற்றவில்லை. நில் என்ற இடத்தில் நின்றார். செங்கல் வரிசையை விரலால் தடவினார். கடைசியில் மேற்கே பார்த்து, உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தார். கடல் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. பத்து முடிந்து இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றவர் திரும்பி, “நம்மூரு அந்தக் குண்டுக்குள்ள வராதில்ல?” என்றார்.

“வராது சித்தப்பா. நாம ரொம்பத் தள்ளி.”

“அப்ப சரி.” நான்கடி நடந்தார். நின்றார். “ஏம்ப்பா, சத்தம் கேட்டுச்சு, குண்டும் வந்து விழுந்துச்சு. இனிமே நீ அந்தக் கோட்டைக்காரனோட ஆளுன்னு அந்த வயக்காரன்கிட்ட யாரு போய்ச் சொன்னது?”

வீட்டுக்கு வந்ததும் மெத்தையை மறுபடி சுவரில் சாய்த்தேன். பத்து நொடிக்குப் பிறகு இப்போது அந்த ஒரு வாக்கியம் மட்டும் வரும், சித்தப்பாவின் குரலிலேயே.